இணைப்பை மூடிய பின்னும் அடையாள அட்டைப் படம் நிறுவனத்திடம் இருக்கிறதே?

கேள்வி: ஐயா, எனது மாதக் கட்டணக் கைப்பேசி இணைப்பைச் சென்ற மாதம் யாழ். நகரிலுள்ள முகவர் கடையொன்றில் மூடினேன். இணைப்பு எடுத்தபோது எனது அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் கடைப் பையன் தனது கைப்பேசியிலேயே படம் எடுத்தான். அந்தப் படங்களை அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது? – சுன்னாகம் வாசகர்

பதில்: கடிதம் எழுத உட்காரும் முன், இணைப்பு உண்மையில் உங்கள் பெயரிலிருந்து நீங்கிவிட்டதா என்று பாருங்கள். #132# என்று அழுத்தினால், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவான சிம்கள் பற்றி அறியலாம். கடையில் "மூடியாச்சு" என்று வாயால் சொன்னதை நம்பி எழுதிய கடிதத்துக்கு, இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற ஒற்றை வரிப் பதிலே போதுமானதாகிவிடும். இறுதிப் பட்டியலைச் செலுத்திய பற்றுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். வைப்புப் பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அதை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். கணக்கு முடியாதவரை உங்கள் விவரங்களை வைத்திருக்க நிறுவனத்துக்கு நியாயமான காரணம் உண்டு.

உங்களுக்கு உதவும் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமாகும். ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவை அந்த நோக்கத்துக்குத் தேவையான காலம் வரையே வைத்திருக்கலாம் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமை மீறப்படும்போது அழிக்குமாறு கேட்பதற்கு 16ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆனால் தரவுக்குரியவரின் உரிமைகளைச் சொல்லும் பகுதி 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே கடிதம் அனுப்பும் வாரத்தில் வர்த்தமானி நிலைமையை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். கோரிக்கையைப் பிரிவு எண்களில் மட்டும் தொங்கவிடாமல், ஒப்பந்தம் முடிந்துவிட்டது, படம் பெறப்பட்ட நோக்கமும் முடிந்துவிட்டது என்ற உண்மையின் மேல் நிறுத்துவதே என் விருப்பம்.

பலர் தவறுவது கேட்கும் அளவில்தான். "என்னைப் பற்றிய அனைத்தையும் அழியுங்கள்" என்று எழுதினால், கணக்குப் பதிவுகளைக் காட்டி முழுக் கோரிக்கையையும் எளிதாக மறுத்துவிடுவார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், பட்டியல் விவரம் ஆகியவை வேறு; அட்டையின் படம் வேறு. படத்தை மட்டும் கேளுங்கள். அந்த எண்ணில் கைப்பேசிப் பணப்பை வைத்திருந்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் அடையாளப் பதிவுகளை ஆறு ஆண்டுகள் பேணச் சொல்வதால், அந்தப் பிரதியை உடனே அழிக்க வைக்க முடியாது. அப்போதும் முகவரின் கைப்பேசியிலுள்ள படத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. எனக்குக் கவலை தருவதும் நிறுவனத்தின் கணினியைவிட அந்தக் கைப்பேசிதான். படம் எடுத்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தால் அதை யார் அழிப்பது?

கடிதத்தைத் தலைமையகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு விலாசமிட்டு, பிரதியொன்றை யாழ்ப்பாணக் கிளைக்கும் அனுப்புங்கள். வாசகம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"எனது ………… இலக்க இணைப்பு ………… அன்று மூடப்பட்டு, இறுதிப் பட்டியலும் செலுத்தப்பட்டுள்ளது. இணைப்பு பெறும்போது எனது தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்களும் உங்கள் முகவரால் படம் எடுக்கப்பட்டன. அந்த நோக்கம் நிறைவேறிவிட்டதால், உங்கள் கணினிகளிலும், முகவரிடமும், அவரது ஊழியர்களின் சாதனங்களிலும் உள்ள அப்படங்களை அழித்து, அழித்த திகதியை எழுத்தில் அறிவிக்குமாறு கோருகிறேன். காப்புப் பிரதிகளில் அவை எஞ்சியிருப்பின், எப்போது நீங்கும் என்பதைத் தெரிவியுங்கள். எதையேனும் தொடர்ந்து வைத்திருக்கச் சட்டம் பணிக்கிறது என்றால், அச்சட்டத்தையும் பிரிவையும் காலத்தையும் குறிப்பிடுங்கள். கணக்குப் பதிவுகளை அழிக்குமாறு நான் இங்கு கோரவில்லை."

பதிலுக்கு ஒரு திகதியைக் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள். சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது வைத்த காலம் 21 வேலை நாட்கள் என்பதால், அதையே பயன்படுத்தலாம். பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.

பெரும்பாலும் முதலில் வரும் பதில், "உங்களை உறுதிப்படுத்த அடையாள அட்டைப் பிரதி அனுப்புங்கள்" என்பதாக இருக்கும். கேட்பவர் யார் என்று உறுதிசெய்ய முடியாவிட்டால் நிறுவனம் மறுக்கலாம் என்பதால், இதைச் சினந்து தள்ளிவிடாதீர்கள். கணக்கு இலக்கத்தையும் இறுதிப் பற்றுச்சீட்டையும் தந்து, அட்டையைக் கிளையில் நேரில் காட்டத் தயார், பிரதி தரமாட்டேன் என்று எழுதுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், பிரதியின் குறுக்கே "இக்கோரிக்கையை உறுதிப்படுத்த மட்டும்" என்று திகதியோடு எழுதி, அதையும் அழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மறுப்பு வந்தாலோ, குறித்த நாள் கடந்தாலோ, உரிமைப் பகுதி நடைமுறையில் இருந்தால் 19ஆம் பிரிவின் கீழ் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். மூடிய இணைப்பு இன்னும் உங்கள் பெயரில் காட்டப்படுகிறது என்பது மட்டுமே குறையானால், அதற்குரிய இடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.