மெனு போர்டுக்குத் தட்டு மட்டும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுக்க

கேள்வி: தள்ளுவண்டியில் சாயங்கால டிபன் கடை போட்டிருக்கேன். இட்லி, முட்டை தோசை, பணியாரம், கொத்து பரோட்டா. மெனு போர்டில் என் கடை அயிட்டம் படத்தையே போடணும். போன் மட்டும்தான் இருக்கு, எப்படி எடுத்தாலும் பின்னாடி அடுப்பு, வாளி, ஆளுங்க கால் எல்லாம் தெரியுது. சுத்தமான பேக்கிரவுண்டோடு எடுக்க வழி சொல்லுங்க.

பதில்:

ப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். உங்களை மாதிரி வண்டிக்கடைக்காரர்கள் போனை நீட்டி, "தம்பி, பின்னாடி இருக்கிறதை எடுத்துட்டு தோசையை மட்டும் வைங்க" என்று கேட்பது எங்களுக்குத் தினசரிக் கதை. எடுத்துத் தரலாம்தான். ஆனால் அடுப்புக்கும் வாளிக்கும் நடுவில் இருக்கிற தோசையை வெட்டும்போது அதன் முறுகல் ஓரமும் சேர்ந்து போய்விடும், கடைசியில் அட்டையில் கத்தரித்த தோசை மாதிரி நிற்கும். அதனால் என் பதில் இதுதான்: பின்னணியை அப்புறம் எடுப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள், படம் எடுக்கும்போதே அங்கே ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 2 சார்ட் பேப்பரும் ஒரு ஸ்டூலும் போதும்.

போன மாதம் ஒரு அக்காவுக்குச் செய்த போர்டையே சொல்கிறேன், அவருக்கும் கிட்டத்தட்ட உங்கள் அயிட்டம்தான். முதலில் அவர் அனுப்பிய இட்லிப் படத்தில் இட்லி நீலமாக இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். போனில் ஒரு குறையும் இல்லை, வண்டிக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சம் இட்லி மேல் விழுந்திருக்கிறது. நம் கண் பழகிவிடும், கேமரா காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் எடுத்தாலும் இதே கதைதான், ஒரு பக்கம் மஞ்சள், தெருவிளக்கு இன்னொரு நிறமாக இருந்தால் மறு பக்கம் வேறு மாதிரி. அதனால் தார்ப்பாயை விட்டு வெளியே வாருங்கள். வியாபாரம் தொடங்குவதற்கு முன்னால், சாயங்காலம் நாலரை மணி வாக்கில், வெயில் நேராக விழாத ஒரு சுவர் நிழல் போதும். நிழல் என்றால் இருட்டு மூலை இல்லை, ஒரு பக்கம் வானம் திறந்திருக்க வேண்டும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் பதார்த்தம் எல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

இப்போது பின்னணி. சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, சார்ட் பேப்பரின் மேல் விளிம்பைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, மீதியை அப்படியே வளைவாக இறக்கி ஸ்டூல் மேல் விரித்துவிடுங்கள். மடிக்கக் கூடாது, மடித்தால் அந்தக் கோடு படத்தில் குறுக்கே ஓடும். வளைவாக விட்டால் சுவர் எங்கே முடிகிறது, மேசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. கடையில் வாங்கும்போது சுருட்டித் தரச் சொல்லுங்கள், பளபளப்பு இல்லாத தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லோரும் வெள்ளைத் தாள்தான் வாங்குகிறார்கள். கொத்து பரோட்டாவுக்கும் பணியாரத்துக்கும் அது சரி. இட்லி, இடியாப்பம், தயிர் சாதத்துக்கு வெள்ளை ஆகாது, வெள்ளை மேல் வெள்ளை வைத்தால் எங்கே இட்லி முடிகிறது என்று போனுக்கும் தெரியாது, வெட்டுகிற எனக்கும் தெரியாது. அதற்கு அடர்ந்த பச்சையோ நீலமோ எடுங்கள். தட்டு நிறமும் தாள் நிறமும் வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எவர்சில்வர் தட்டைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், அதில் தாளின் நிறம், உங்கள் சட்டை, போன் பிடித்த கை எல்லாம் தெரியும். அக்காவின் முதல் படத்தில் தட்டு விளிம்பில் அவர் முகமே இருந்தது. நிறத் தாளுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டு, வெள்ளைத் தாளுக்கு நிறமுள்ள, பளபளப்பில்லாத மெலமைன் தட்டு என்று ஒன்று வீட்டில் கிடைக்கும். தட்டு மேல் போடுகிற பிளாஸ்டிக் ஷீட்டைப் படத்துக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். வாழையிலை போடலாம், ஆனால் ஈரம் துடைத்துவிட்டுப் போடுங்கள், ஈர இலையில் வானம் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

அடுத்தது நான் எல்லோருக்கும் சொல்கிற வித்தை. தட்டை நேராகத் தாள் மேல் வைக்காதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் தட்டை வையுங்கள், 3 அல்லது 4 அங்குலம் உயர்ந்தால் போதும். கிண்ணம் தட்டுக்கு அடியில் மறைந்துவிடும். தட்டு தாளில் ஒட்டி இருந்தால் விளிம்பை ஒட்டியே கறுப்பாக நிழல் விழும், வெட்டும்போது அந்த நிழலும் சேர்ந்து வரும். உயர்த்தி வைத்தால் நிழல் தள்ளிப் போய் மங்கிவிடும், தட்டின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். பச்சைத் தாளின் நிறம் தட்டில் ஏறுவதும் குறையும். கிண்ணம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த அக்காவுக்கு ஒரு பிளேட் சால்னா சார்ட் மேல் போய்விட்டது.

வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெள்ளைச் சார்ட்டையோ தெர்மோகோல் அட்டையையோ நிற்க வையுங்கள். இருட்டுப் பக்கம் கொஞ்சம் தெளியும்.

இதையெல்லாம் காலித் தட்டை வைத்தே சரிபார்த்துக்கொள்ளுங்கள். உணவு வந்த பிறகு நேரம் இருக்காது. முட்டை தோசை தொய்ய ஆரம்பிக்கும், சட்னி தண்ணீர் விடும், கொத்து பரோட்டா மினுமினுப்பு இழந்து காய்ந்துவிடும். கல்லில் இருந்து எடுத்து 2 நிமிஷத்துக்குள் படம் முடிய வேண்டும். தட்டு ஓரத்தில் சிந்தியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். போன் லென்ஸையும்தான், வண்டிக்கடைப் போனில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும், படம் பனி மூட்டமாக வருவதற்குப் பாதி காரணம் அதுதான்.

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கிட்டத்தில் எடுத்தால் முன்பக்கம் பெருத்து, வட்டத் தட்டு முட்டை மாதிரி ஆகும். இரண்டு அடியாவது தள்ளி நின்று 2x போட்டு எடுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், அது பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று தட்டின் பின் விளிம்பையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். திரையில் உணவின் மேல் விரலால் தொடுங்கள், பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு அடையாளம் வந்தால் அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும். வெள்ளைத் தாளுக்கு இது கட்டாயம் தேவைப்படும், ஏனென்றால் படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று போன் தானாகவே குறைத்துவிடும், தாள் அழுக்குச் சாம்பலாக வரும். தாள் வெள்ளையாகும் வரை இழுங்கள், உணவின் மேல் இருக்கிற சின்னச் சின்ன விவரங்கள் மறைய ஆரம்பித்தால் கொஞ்சம் இறக்குங்கள்.

தோசை தட்டையானது, நேர் மேலிருந்து எடுக்கலாம். கொத்து பரோட்டாவை மேலிருந்து எடுத்தால் பழுப்பாக ஒரு திட்டு, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தவர் பார்க்கிற சாய்வில் எடுத்தால்தான் குவியல் தெரியும், ஓரத்தில் வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வையுங்கள். ஒரே போர்டில் எல்லாப் படத்துக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும், ஒரே தூரத்திலிருந்து எடுங்கள். இல்லையென்றால் பணியாரம் இட்லியை விடப் பெரிதாக நிற்கும். அளவும் நீங்கள் விற்கிற அளவே இருக்கட்டும், படத்தில் 6 பணியாரம் வைத்துவிட்டு 4 கொடுத்தால் முதல் நாளே சண்டை வரும்.

போர்டின் நிறமும் சார்ட் நிறமும் ஒன்றாகவே இருந்தால் பல நேரம் வெட்டவே தேவையில்லை, ஓரத்தை மட்டும் கலந்துவிடலாம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கொஞ்சம் புதிய ஐபோனில் படத்தைத் திறந்து தட்டை அழுத்திப் பிடித்தால் அது தனியாகக் கழன்று வரும், சில சாம்சங் போன் கேலரியிலும் இது உண்டு. மற்ற போனுக்குப் பின்னணி நீக்குகிற ஆப்கள் இருக்கின்றன, ஆனால் காசு கட்டாமல் இறக்கினால் பல ஆப்கள் படத்தைச் சின்னதாக்கித் தரும், இறக்கியதும் அளவைப் பாருங்கள். வெட்டியதை PNG ஆகச் சேமியுங்கள். JPG ஆனால் வெட்டிய இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். உணவின் ஓரத்தில் வெட்ட வேண்டாம், எப்போதும் தட்டோடு வெட்டுங்கள். வட்டம் சுத்தமாக வரும், கொத்தமல்லி இலை பாதி காணாமல் போகாது. கண்ணாடி டம்ளரை மட்டும் வெட்ட முயலாதீர்கள், உள்ளே தெரிகிற தாள் நிறம் அப்படியே வந்து நிற்கும்.

எங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், PNG வெட்டும் போய்விடும். 3 அடிக்கு 2 அடி போர்டில் ஒரு தட்டு 8 அங்குலம் வருகிறது என்று வையுங்கள், நாலடி தள்ளி நின்று பார்க்கிற ப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி போதும், ஆக தட்டு மட்டும் 800 புள்ளி அகலம் இருந்தால் சரி. போனில் எடுத்தபடியே அனுப்பினால் இது தாராளமாகக் கிடைக்கும். சுருங்கிய படத்தில் தட்டு மூலையில் சின்னதாக இருந்தால்தான் எங்களுக்குத் தலைவலி. வெட்டியதோடு வெட்டாத ஒரிஜினலையும் அனுப்பிவையுங்கள்.

போன் திரையில் பார்க்கிற பளிச் நிறம் ப்ளெக்ஸில் வராது. அக்காவின் கொத்து பரோட்டா முதல் பிரிண்டில் கருகினது மாதிரி வந்தது, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, சிவப்பைக் குறைத்து மறுபடி அடித்தோம். முழு போர்டு அடிக்கும் முன்னால் ஒரு தட்டை மட்டும் ஓரத்துத் துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலான கடையில் மிச்சத் துண்டு இருக்கும். அதை எடுத்துப் போய் ராத்திரி உங்கள் வண்டி லைட்டில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சரி சொல்லுங்கள்.