நிலவின் பிறைகள்: நாலு நிமிட அறிவியல் வீடியோவுக்கு வாய்ஸ் ஓவர் எழுதுவது

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நிலவின் பிறைகள் பற்றி நாலு நிமிட அனிமேஷன் வீடியோ செய்கிறேன். வாய்ஸ் ஓவர் ஸ்கிரிப்ட் எழுதுவதில்தான் திண்டாட்டம். மெதுவாகப் பேசினால் இழுக்கிறது, வேகமாகப் பேசினால் புரியவில்லை என்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் உங்கள் ஸ்கிரிப்டில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்நூறைத் தாண்டியிருந்தால் சிக்கல் பேசுகிறவரிடம் இல்லை, தாளில் இருக்கிறது. அவ்வளவையும் கையில் கொடுத்துவிட்டு "கொஞ்சம் நிதானமா பேசுங்க" என்றால் எப்பேர்ப்பட்ட குரலும் ஓடத்தான் செய்யும்.

நிமிடத்துக்கு 140, 150 சொல் என்று இணையத்தில் கிடைக்கிற கணக்கு ஆங்கிலத்துக்கானது, நமக்கு உதவாது. தமிழில் "பூமியிலிருந்து பார்க்கும்போது" என்பது இரண்டே சொல், ஆனால் வாய்க்கு எவ்வளவு வேலை பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் நான் நிமிடத்துக்கு 80 சொல் என்று வைத்துக்கொள்வேன். நாலு நிமிடத்துக்கு 320. அதிலும் குரலே இல்லாமல் படம் மட்டும் ஓட வேண்டிய இடங்களுக்குக் கழித்துவிட்டால் 260 சொல்தான் மிஞ்சும். எழுதி முடித்ததும் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, நின்றுகொண்டு, வாய்விட்டு வாசியுங்கள். மனசுக்குள் வாசித்தால் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும்.

இந்த 260 சொல்லுக்குள் என்ன வர வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. பிறை பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் தகவல் அல்ல, பார்வை மாற்றம். விண்வெளியிலிருந்து பார்த்தால் நிலவில் எப்போதும் பாதி வெளிச்சமாக இருக்கிறது. தரையில் நின்று பார்த்தால் அதே நிலவு ஒரு நாள் கீற்று, ஒரு நாள் வட்டம். இந்த இரண்டு பார்வையையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் குரல் எந்த வேகத்தில் போனாலும் புரியாது. வழக்கமாக வருகிற ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்:

"சூரியனிடமிருந்து பெறும் ஒளியைப் பிரதிபலிப்பதன் மூலம் ஒளிரும் நிலவானது புவியைச் சுற்றி வரும்போது, அதன் ஒளியூட்டப்பட்ட பகுதியில் நமக்குப் புலப்படும் அளவு மாறுபடுவதால் பிறைகள் தோன்றுகின்றன."

பரீட்சைத் தாளில் எழுத நல்ல வாக்கியம். காதால் கேட்கிற பிள்ளைக்கு இது சித்திரவதை. நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வரும், அதுவரைக்கும் கேட்டதையெல்லாம் அவன் மனதில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். புத்தகமாக இருந்தால் திரும்பப் படிக்கலாம். வீடியோவில் அடுத்த வாக்கியம் வந்துவிடும். அதனால் "-வதன் மூலம்", "-வதால்", "-ஆனது" எல்லாம் வருகிற இடத்தில் வெட்டி முற்றுப்புள்ளி வையுங்கள். அதே விஷயத்தை நான் எழுதினால் இப்படி வரும். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல் என்று இரண்டு பத்தியாகத் தாளைப் பிரித்துக்கொள்வது வழக்கம், இங்கே வசதிக்காக ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுகிறேன்.

காட்சி: இருட்டு வெளியில் நிலவு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்.
குரல்: நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. மறுபக்கம் இருட்டு.

காட்சி: நிலவு பூமியைச் சுற்றத் தொடங்குகிறது.
குரல்: இப்போது நிலவை மட்டும் பாருங்கள். வெளிச்சமான பாதி எந்தப் பக்கம் இருக்கிறது?
(8 வினாடி மௌனம். நிலவு ஒரு முழுச் சுற்றை முடிக்கிறது.)
குரல்: எப்போதும் சூரியன் இருக்கிற பக்கம்தான்.

காட்சி: கேமரா மெல்ல இறங்கிப் பூமியில் நிற்கிறது, தலைக்கு மேல் வானம்.
குரல்: சரி, இனி பூமியில் நின்று பார்ப்போம்.
(3 வினாடி மௌனம்.)
குரல்: அதே நிலவு. அதே வெளிச்சமான பாதி. ஆனால் அந்தப் பாதியில் ஒரு ஓரம்தான் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. அதைத்தான் பிறை என்கிறோம்.

மொத்தம் ஐம்பது சொல்கூட இல்லை. ஆனால் மௌனத்தையும் சேர்த்தால் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஓடும். இழுப்பதாகத் தோன்றாது, ஏனென்றால் அந்த 8 வினாடியில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடியில் நாமே பதில் சொல்வதுதான் பெரும்பாலான பாட வீடியோக்களில் நடக்கிறது, அதற்குக் கேட்காமலே இருக்கலாம். இன்னொன்று, கேமரா நகரும்போது குரல் புது விஷயம் எதுவும் சொல்லக்கூடாது. "இனி பூமியில் நின்று பார்ப்போம்" என்று அறிவித்துவிட்டு, கேமரா போய் நிற்கிற வரைக்கும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனத்தை வினாடிக் கணக்கோடு ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் எடிட் செய்கிறவர் "இங்கே சும்மா இருக்கே" என்று வெட்டிவிடுவார்.

திரையில் எழுத்து போடுவதைப் பற்றி. குரல் சொல்கிற வாக்கியத்தையே அப்படியே திரையிலும் போட்டால் கண் படத்தை விட்டுவிட்டு எழுத்தின் பின்னால் போய்விடும். ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளரின் ஆய்வுகளும் பொதுவாக இதையே காட்டுகின்றன: படமும் குரலும் மட்டும் இருக்கும்போது புரிவது, அதே சொற்களை எழுத்தாகவும் சேர்க்கும்போது குறைகிறது. ஆனால் புதுச் சொல்லுக்கு இது பொருந்தாது. "வளர்பிறை" என்று முதல் தடவை சொல்லும்போது அந்த ஒரு சொல் மட்டும் நிலவுக்குப் பக்கத்தில் வந்து போகட்டும். அதுவும் பொருளைக் காட்டிய பிறகுதான் பெயர், பெயரைச் சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்காதீர்கள். பாடநூலில் என்ன சொல் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை நாளைக்கு அதைத்தான் எழுதப்போகிறது.

இனி மிக முக்கியமான இடம், பூமியின் நிழல். பிறை எப்படி வருகிறது என்று கேட்டால் நிறையப் பிள்ளைகள் (பெரியவர்களும்தான்) "பூமியோட நிழல் நிலா மேல விழுது" என்பார்கள். இதைத் தொடாமல் சரியான விளக்கத்தை மட்டும் அழகாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றும். அது வேலை செய்வதில்லை. வெரிட்டாசியம் சேனல் நடத்துகிற டெரெக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இயற்பியல் பாடத்தைத் தெளிவாக மட்டும் சொன்ன வீடியோவைப் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள், ஆனால் தேர்வில் பெரிதாக முன்னேறவில்லை. தவறான கருத்தையும் எடுத்துப் பேசிய வீடியோ குழப்பமாக இருந்தது என்று சொன்னவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். ஏற்கெனவே தெரிந்ததுதானே என்ற நினைப்பு வந்துவிட்டால் காது மூடிக்கொள்கிறது.

ஆகவே நிழலை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுவாருங்கள், ஆனால் விளக்கம் சொல்கிற குரலில் வேண்டாம். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளை அதையே பாடமாக எடுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு குரல், ஒரு பிள்ளையின் குரலாக இருந்தால் நல்லது, "அது பூமியோட நிழல்தானே?" என்று கேட்கட்டும். பதிலை வானத்திலிருந்தே எடுக்கலாம். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில், காலண்டரில் வளர்பிறை அஷ்டமி என்று போட்டிருக்கும் நாளையொட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வந்தால் மேற்கே சூரியன் இருக்கும், கிழக்குப் பக்கம் வானத்தில் அரை நிலவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் அல்லவா விழும்? அரை நிலவு அங்கே இல்லையே. குரலுக்கு இவ்வளவு போதும்: "அதோ சூரியன். இதோ நிலவு. நிழல் விழுவது அந்தப் பக்கம். அப்படியென்றால் நிலவின் மேல் இருப்பது யாருடைய இருட்டு?" பிறகு 4 வினாடி. "நிலவின் சொந்த இருட்டு. சூரியன் படாத பக்கம்."

இதைச் சொன்னதும் சூட்டிகையான பிள்ளை ஒன்று கேட்கும்: பௌர்ணமியில் நிலவு சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே இருக்கிறது, அப்போது நிழல் ஏன் விழவில்லை? இந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதே நம் படம்தான், ஏனென்றால் திரைக்குள் அடக்குவதற்காக நிலவைப் பூமியை ஒட்டி வரைந்திருப்போம். உண்மையில் நடுவில் ஏறக்குறைய 30 பூமிகளை வரிசையாக வைக்கலாம். இதற்குக் குரலில் இரண்டு வாக்கியம் ஒதுக்குங்கள்: "நிலவு சுற்றும் பாதை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது." சாய்வு 5 டிகிரி என்பது படத்தில் இருந்தால் போதும், குரலில் வேண்டாம். தப்பாமல் மாட்டினால் அது சந்திர கிரகணம், அதை வேறு வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களில் ஒன்றே ஒன்றுதான் குரலுக்கு வேண்டும், அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள். அதையும் "இருபத்தொன்பதரை நாள்" என்று எழுத்தால் எழுதிக் கொடுங்கள். 29.5 என்று இருந்தால் பேசுகிறவர் மைக்குக்கு முன்னால் தயங்கி நிற்பார், அந்தத் தயக்கம் பதிவிலும் விழும்.

அனிமேஷன் செய்கிறவருக்கும் ஒரு குறிப்பு. மேற்கே சாயங்காலம் தெரிகிற பிறையை நிமிர்ந்த வளைகோடாக வரைந்துவிடுவார்கள். நம் ஊரில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், அது பெரும்பாலும் தோணி மாதிரி சாய்ந்து கிடக்கும், வெளிச்சமான விளிம்பு சூரியன் மறைந்த திசையை நோக்கிக் கீழே இருக்கும். குரல் "மாலையில் மேற்கே பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் படம் வேறொன்றைக் காட்டினால், அன்றைக்கே மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கிற பிள்ளை வீடியோவை நம்பாது.

படம் வரையத் தொடங்கும் முன்பே உங்கள் குரலில் போனிலேயே ஒரு கரடு ஆடியோ பதிந்து, அதன் நீளத்துக்குப் படத்தை அமைக்கச் சொல்லுங்கள். முடிந்த படத்துக்குள் குரலைத் திணிக்கும்போதுதான் அந்த ஓட்டம் வருகிறது. அந்தக் கரடு ஆடியோவையும் பென்சில் படங்களையும் வைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். தாளில் அரை நிலவை வரைந்து கொடுத்து, பூமி எங்கே, சூரியன் எங்கே என்று வரையச் சொல்லுங்கள். பூமியைச் சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவில் வரைந்தால் நிழல் பகுதிக்குக் கொடுத்த நேரம் பற்றவில்லை. நிலவின் இருட்டுப் பக்கத்தைச் சூரியனைப் பார்த்து வரைந்தால் சிக்கல் அதற்கும் முன்னால், அந்த 8 வினாடி இடத்தில் இருக்கிறது. அங்கே இன்னொரு சுற்று சுற்றவிடுங்கள். அதற்கு வேண்டிய நேரத்தைக் கடைசியில் "நிலவில் மனிதன்" என்று நீங்கள் கட்டாயம் சேர்த்து வைத்திருக்கும் பத்தியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.