சமூக தணிக்கை கூட்டக் குறிப்பில் புகாரை எப்படிப் பதிவது? கேள்வி பதில்

நூறு நாள் வேலை தணிக்கைக்கு முதன்முறை போகிறேன். கிராம சபையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்களாமே, குறிப்பில் எவ்வளவு எழுதணும்?

பேச்சு முழுவதையும் எழுத வேண்டாம், ஆனால் புகாரையும் பதிலையும் தனித்தனியாக, ஆளுக்கு ஒன்றாக எழுதுங்கள். "பயனாளிகள் சிலர் கூலி குறித்துக் குறை தெரிவித்தனர், ஆவன செய்யப்படும் என்று அலுவலர் கூறினார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அந்தப் புகார் அங்கேயே செத்தது, ஏனென்றால் யாருக்கு, எவ்வளவு, யார் செய்யணும் என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

உதாரணத்துக்கு, ஏரி வேலையில் ஆறு நாள் வேலை செய்தேன், நாலு நாளுக்குத்தான் பணம் ஏறியது என்று ஒரு அம்மா சொல்கிறார். வேலை அட்டை எண், என்.எம்.ஆர் என்கிற வருகைப் பட்டியலின் எண், விடுபட்ட அந்த இரண்டு தேதிகள், கூட வேலை செய்தவர்கள் சொன்னது, இவ்வளவும் புகார்ப் பகுதியில் வரணும். அந்த இரண்டு நாளும் அவர் வரவில்லை என்று பணித்தளப் பொறுப்பாளர் சொன்னால், அதை அவர் சொன்னபடியே, பதவியோடு எழுதுங்கள். அப்புறம் முடிவு: அந்த நாட்களின் வருகைப் படத்தைப் பார்த்து, உண்மையென்றால் பாக்கியை யார், எந்தத் தேதிக்குள் கொடுக்கணும் என்று. அலுவலர் மறுத்தார் என்பதற்காகப் புகாரையே அடித்துவிடாதீர்கள், இரண்டும் நிற்கட்டும்.

ஊராட்சித் தலைவர் கையெழுத்து போடாவிட்டால் குறிப்பு செல்லாது, சரிதானே?

வழக்கமான கிராம சபையை நினைத்துச் சொல்கிறீர்கள். சமூக தணிக்கைக் கூட்டத்துக்கு ஊராட்சியையோ வேலையை நடத்தும் துறையையோ சேராத ஒருவர் தலைமை ஏற்க வேண்டும் என்பதுதான் நெறிமுறை, குறிப்பு எழுதுபவரும் ஊராட்சிக்கு வெளியே இருந்து வரணும். நடைமுறையில் ஊராட்சி செயலரே பேனாவை வாங்கிக்கொள்வது உண்டு! அப்படி நடந்தால், கையெழுத்துக்கு முன் முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கூலி மூன்று மாதம் கழித்து வந்தது. கேட்டால் மேலிருந்து நிதி வரவில்லை என்கிறார்கள். இதையும் எழுதலாமா?

எழுதுங்க, ஆனால் "தாமதம்" என்று மட்டும் வேண்டாம், என்.எம்.ஆர் முடிந்த தேதியும் பணம் ஏறிய தேதியும் வேண்டும். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டப்படி, என்.எம்.ஆர் முடிந்த 16ஆம் நாளுக்குப் பிறகு, பாக்கிக் கூலியில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 3,000 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. நிதி மேலே தேங்கிய நாட்களுக்கு யார் பொறுப்பு என்பதில் அலுவலர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தச் சண்டை உங்கள் கூட்டத்தில் தீராது. அலுவலர் சொன்ன காரணத்தை அப்படியே பதிவு செய்ய வையுங்கள்.

போன வருஷம் எழுதினது எல்லாம் குப்பையில போச்சு. திரும்ப எழுதி என்ன பிரயோஜனம்?

2011 தணிக்கை விதிகளின்படி, முந்தைய தணிக்கையின் மீது எடுத்த நடவடிக்கையை அடுத்த தணிக்கையின் தொடக்கத்தில் படிக்க வேண்டும். படிக்காமல் நேராகப் புதுப் பட்டியலுக்குப் போனால் எழுந்து நின்று கேளுங்கள், "படிக்கப்படவில்லை" என்பதையே அன்றைய குறிப்பின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.