மெமோவுக்கு ராஜினாமா பதில் ஆகாது

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கும் மகனுக்கு ஷோ காஸ் நோட்டீஸ், அதாவது விளக்கம் கேட்கும் மெமோ, வந்திருக்கிறது. பதில் தர ஏழு நாள். அதற்குள், "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேரட்டும்" என்று பெரியப்பா முடிவே செய்துவிட்டாராம்.

பெரியப்பா சொல்வது தப்பு. நோட்டீஸ் என்பது தண்டனை இல்லை, "உன் விளக்கம் என்ன?" என்ற கேள்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ராஜினாமா கொடுத்தால், நடவடிக்கை முடியும்வரை நிர்வாகம் அதை ஏற்காமல் நிறுத்தி வைக்கலாம். ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும். அடுத்த கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தாலும், பி.இ. என்றால் மூன்று வருடக் கட்டணம், மூன்று வருடச் சம்பளம் இல்லை. அளவுக் கருவிகளோடு இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்று பையனே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, ஒரு மெமோவுக்குப் பயந்து கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

"எல்லாம் என் தப்பு, மன்னிச்சிடுங்க" என்று எழுதச் சொல்லும் உறவினரையும் தள்ளி வையுங்கள். முழுவதும் ஒப்புக்கொண்டால் விசாரணையே இல்லாமல் அந்தக் கடிதத்தை வைத்தே தண்டனை கொடுக்க வழியிருக்கிறது. உண்மையானதை ஒப்புக்கொண்டு, மீதியை அமைதியாக மறுப்பதுதான் சரியான பதில். நோட்டீஸில் உள்ள அதே எண் வரிசையில் எழுத வேண்டும்.

முதல் குற்றச்சாட்டு, மார்ச் 10, 11, 12 தேதிகளில் தகவல் இல்லாமல் வரவில்லை என்பது. பாட்டியை மருத்துவமனையில் சேர்த்த முதல் நாள் காலை, ஷிப்ட் தொடங்கும் முன்பே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறான். அடுத்த இரண்டு நாள் சொல்லவில்லை. அதை அப்படியே எழுதட்டும்: "10-ம் தேதி காலை 5.40-க்குத் தகவல் தெரிவித்தேன், நகல் இணைத்துள்ளேன். 11, 12 தேதிகளில் தெரிவிக்கவில்லை. அது என் தவறு, வருந்துகிறேன்." ஒரு எச்சரிக்கை. தகவல் சொன்னது விடுப்பு அனுமதி ஆகிவிடாது. "லீவு சொல்லிவிட்டேன்" என்று எழுதினால், அனுமதி எங்கே என்று கேட்பார்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, வழக்கமாகத் தாமதமாக வருகிறார் என்பது. நோட்டீஸில் ஒரு தேதிகூட இல்லை. எப்போதோ தாமதமாவது வேறு, வழக்கமாகத் தாமதமாவது வேறு. தொழிற்சாலைகளுக்கு அரசு வகுத்த வேலை விதிகளான மாதிரி நிலையாணைகள் ஒழுங்கீனமாகச் சொல்வது இரண்டாவதைத்தான். "பிப்ரவரியில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு இரண்டு நாள் தாமதமாக வந்தேன். வழக்கமாக என்பதை மறுக்கிறேன். பஞ்சிங் பதிவின் நகலைத் தந்தால் தேதிவாரியாக விளக்கம் தருகிறேன்." இவ்வளவு போதும்.

மூன்றாவது, சூப்பர்வைசரை ஆபாசமாகத் திட்டினார் என்பது. இங்கேதான் பையன்கள் கோட்டை விடுவார்கள். அந்த சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர், யாருக்கு வேண்டியவர் என்று இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். ஒரு வரியும் வேண்டாம். "13-ம் தேதி குரலை உயர்த்திப் பேசினேன், அது சரியல்ல. ஆனால் ஆபாசமாகவோ மிரட்டியோ பேசவில்லை." பக்கத்தில் நின்றவர்களின் பெயரை இப்போதே எழுதி அவர்களை மாட்டிவிட வேண்டாம். விசாரணை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முடிவில் மூன்று வாக்கியம். மேலே ஒப்புக்கொண்டவை தவிர மற்றவற்றை மறுக்கிறேன். இதற்கு முன் என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. விசாரணை நடத்தினால் ஒத்துழைக்கிறேன், என் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நடுவில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். தண்டனையை முடிவு செய்யும்போது தவறின் தன்மையையும் பழைய பதிவையும் பார்க்க வேண்டும் என்று நிலையாணைகளிலேயே இருக்கிறது.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை எச்.ஆரிடம் கொடுத்து மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்கட்டும். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்பட்டும். அவகாசம் போதவில்லை என்றால் ஏழாம் நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பதிலே தராமல் இருந்தால், விளக்கம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த அளவுத் தவறுகளுக்கு, எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடியவே வாய்ப்பு அதிகம். ஆனால் அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, நான் உத்தரவாதம் தர முடியாது. உள்விசாரணைக்கு அழைத்தால் தவறாமல் போகட்டும், உடன் வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு அனுமதிக்கும்படி கேட்கட்டும். படிப்பைப் பற்றி இது முடிந்த பிறகு, பெரியப்பா இல்லாமல், பையனை அழைத்துக்கொண்டு வாருங்கள்.