உருண்டும் அடி விழுகிறது: குறிப்பில் விட்டுப்போன வரி

“எங்கள் வீடியோ கேமில் ஆடுபவர் உருளும்போது 0.2 நொடி அடி படாது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். புரோகிராமரும் அப்படியே செய்திருக்கிறார். ஆனாலும் சரியாக உருண்டும் சில சமயம் அடி விழுகிறது. குறிப்பில் என்ன குறை?”

அந்த 0.2 நொடி எப்போது தொடங்குகிறது, அது முடியும்போது வாள் இன்னும் உடம்பின் மேலேயே இருந்தால் என்ன ஆகும், இந்த இரண்டும் குறிப்பில் இல்லை. நொடியை விட்டுவிட்டு ஃபிரேமில் எழுதுங்கள்: “நொடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் உருளல் 30 ஃபிரேம். 3 முதல் 14 முடிய அடி படாது.”

பெரும்பாலும் கோளாறு இரண்டாவதில்தான். எதிரியின் வாள்வீச்சு 16 ஃபிரேம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருளலின் 3ஆவது ஃபிரேமில் வாள் தொட்டால் 14 வரை காப்பு இருக்கும். 15இல் காப்பு போய்விடும், வாள் போகாது. ஆடுபவருக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

நான் எழுதும் வரி இது: “காப்பு இருக்கும்போது தொட்ட வீச்சு, முடியும்வரை அவரை அடிக்காது. அடுத்த வீச்சு புதுக் கணக்கு.”

அடி விழும்போதெல்லாம் உருளலின் ஃபிரேம் எண்ணை லாகில் எழுதச் சொல்லுங்கள். 15, 16 என்றே வந்தால் இதுதான் காரணம். 1, 2 வந்தால் ஆடுபவர் தாமதமாக அழுத்தியிருக்கிறார், அது நியாயமான அடி. 3க்கும் 14க்கும் நடுவில் வந்தால் கோடில் பிழை. காப்பை மாற்றும் முன்பே அடியைச் சோதிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தீ, விஷப்புகைக்கு மட்டும் இந்த வரி வேண்டாம். ஒருமுறை உருண்டுவிட்டுத் தீக்குள்ளேயே ஹாயாக நிற்பார்கள்.