எழுத்து ஒலிப்பயிற்சி: குழந்தை பதில் சொல்ல எவ்வளவு இடம் விடுவது?

டீச்சர், பையன் கேட்டுத் திருப்பிச் சொல்ல எழுத்துகளை என் குரலில் பதிவு செய்கிறேன். 'அ' சொல்லிவிட்டு எத்தனை வினாடி இடைவெளி விட வேண்டும்? நான் ஒரு வினாடி விட்டேன். பையன் வாயைத் திறப்பதற்குள் 'ஆ' வந்துவிடுகிறது.

ஒரு வினாடி நமக்குப் போதும், நாலு வயதுக்குப் போதாது. திருப்பிச் சொல்லும் இடத்தில் நான் மூன்று வினாடி விடுகிறேன். கடிகாரம் பார்க்க வேண்டாம். பதிவு செய்யும்போதே அந்த எழுத்தை மனசுக்குள் மெதுவாக இரண்டு தடவை சொல்லிக்கொள்ளுங்கள், அளவு தானாக வந்துவிடும். "அம்மா என்ற சொல்லில் முதல் எழுத்து எது?" என்று கேட்டால் மட்டும் ஐந்து வினாடி விடுங்கள், அவன் யோசிக்க வேண்டும் அல்லவா? இடைவெளி முடிந்ததும் நீங்களே ஒரு தடவை 'அ' சொல்லுங்கள். தான் சொன்னது சரியா என்று அவன் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். உங்கள் குரல் மேலேயே அவன் பேசினால் இடைவெளி குறைவு. சொல்லிவிட்டு எழுந்து போனால் அதிகம்.

நெடிலுக்கு இரண்டு மாத்திரை. அப்படியென்றால் குறிலைப் பதிவு செய்து, கணினியில் இரண்டு மடங்காக இழுத்துவிட்டால் நெடில் கிடைத்துவிடும்தானே?

மாத்திரைக் கணக்கு சரி. ஆனால் 'அ'வை இழுத்தால் இழுபட்ட 'அ'தான் கிடைக்கும். 'ஆ'வுக்கு வாய் இன்னும் அகலமாகத் திறக்கிறது, ஒலியே வேறு. உண்மையான சிக்கல் குறிலில்தான் இருக்கிறது. தனியாக 'எ' சொல்லச் சொன்னால் பெரியவர்கள்கூட அறியாமல் நீட்டிவிடுகிறோம், குழந்தைக்கு அது 'ஏ' என்று கேட்கிறது. அதனால் எழுத்தை உடனே ஒரு சொல்லில் கட்டிவிடுகிறேன். என் பதிவில் இப்படி வரும்:

எ. (3 வினாடி) எ.
எலி. (3 வினாடி) எலி.
ஏ. (3 வினாடி) ஏ.
ஏணி. (3 வினாடி) ஏணி.
எலிக்கு எந்த எழுத்து, எ-வா, ஏ-வா? (5 வினாடி) எ. எலி.

பதிவு முடிந்ததும் 'எ', 'ஏ' இரண்டையும் மட்டும் தனியாக ஓடவிட்டு, அடுத்த அறையில் இருப்பவரிடம் எது எது என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான்.

ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் 'சபாஷ், சரியாகச் சொன்னாய்!' என்று போட்டிருக்கிறேன். மகள் வேண்டுமென்றே 'பூனை' என்று சொல்லி, சபாஷ் வாங்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

பதிவுக்குக் காது இல்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். இனி அந்தச் சபாஷுக்கு அவளிடம் மதிப்பு இருக்காது. குழந்தை என்ன சொல்லியிருந்தாலும் பொய்யாகாத வரிகளைப் போடுங்கள்: "வா, இன்னொரு தடவை சேர்ந்து சொல்லலாம்", "ஏணி மாதிரி நீளமா, ஏ…". இவற்றையும் எழுத்துக்கு ஒன்றாகப் போடாமல், நாலு எழுத்துக்கு ஒன்றாக வையுங்கள். கடைசியில், "நாலு எழுத்து முடிந்தது. அம்மாவிடம் ஒன்று சொல்லிக் காட்டு." அங்கே நீங்கள் சொல்லும் சபாஷ் நிஜமானது.

அம்மா, எங்கள் காலத்தில் 'ஆனா, ஆவன்னா' என்று ராகம் போட்டுத்தான் படித்தோம். பேரனுக்கும் அப்படியே பதிவு செய்யட்டுமா?

ஐயா, அந்த ராகம் எனக்கும் பிடிக்கும். ஒரே ஒரு தயக்கம்தான். 'அ'வின் பெயரே 'ஆனா' என்று நெடிலில் தொடங்குகிறது. 'கல்' என்று படிக்க 'கானா'வில் தொடங்கும் குழந்தை 'கால்' என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஒலி, எழுத்து பிடிபட்ட பிறகு பெயர் என்று வைத்திருக்கிறேன். பெயரில் தொடங்கியே நன்றாகப் படிக்க வைக்கும் ஆசிரியைகளும் என்னோடு வேலை செய்கிறார்கள். இதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை. எப்படியானாலும் உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள், அவன் கேட்பான்.

நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். ஆறு வயது மகள் 'பழம்' என்பதைப் 'பளம்' என்கிறாள். இடைவெளியைக் கூட்டினால் சரியாகுமா அக்கா?

ஆகாது தங்கச்சி. இடைவெளி சொல்வதற்கு வாய்ப்புத் தரும், நாக்கை எங்கே வைப்பது என்று சொல்லித்தராது. 'ள'வுக்கு நாக்கு நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடங்கும், ஆனால் தொடாது. கண்ணாடி முன்னால் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைக் காட்ட முடியும். பதிவில் 'ழ'வைக் கேட்கிற விளையாட்டாக மட்டும் வையுங்கள்: "பள்ளம், பழம். 'ழ' வந்தால் கை தட்டு." வித்தியாசம் காதில் விழுந்த பிறகு நாக்குக்கு வரலாம். வீட்டில் எல்லாருமே 'பளம்' என்றால், அவள் கேட்டதைத்தான் சொல்கிறாள் என்பதையும் யோசியுங்கள்.

இடைவெளி வந்ததும் பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்து, குழந்தை போனைத் தட்டுகிறான்.

சுத்தமான நிசப்தத்தை ஒட்டியிருப்பீர்கள். அது வந்ததும் அறையின் சத்தமும் சேர்ந்து அறுந்துவிடும், போன் செத்துப்போன மாதிரி இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் அறையைப் பத்து வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள். இடைவெளி வரும் இடமெல்லாம் அதிலிருந்து வெட்டி ஒட்டுங்கள். அப்புறம் முதல் இடைவெளிக்கு முன்னால் மட்டும் "இப்போ நீ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.