பேஜுக்குத் தனிப் பூட்டு கிடையாது

எங்கள் ஃபேஸ்புக் பேஜின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். செட்டிங்ஸ் முழுக்கத் தேடியும் கண்ணில் படவில்லை. எங்கே இருக்கிறது?

இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள். பேஜுக்கென்று பாஸ்வேர்டு கிடையாது. அதை நடத்தும் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நாலு பேருக்கு அனுமதி கொடுத்திருந்தால் நாலு வாசல். உங்கள் பாஸ்வேர்டு 20 எழுத்து இருக்கலாம். நாலாவது ஆள் தன் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து வைத்திருந்தால், திருடன் அந்த வாசலில்தான் நுழைவான்.

போஸ்டர் போடும் டிசைனர் ‘ஃபுல் கண்ட்ரோல்’ கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். ஃபுல் கண்ட்ரோல் உள்ளவர் புது ஆட்களைச் சேர்க்கலாம், இருப்பவர்களை நீக்கலாம். உங்களையும்தான்.

என்னிடம் உதவி கேட்டு வந்த ஒருவருக்கு நடந்தது இது. வேலையை விட்டுப் போய் வெகு நாளான டிசைனர் ஒருவரின் பெயர் ஃபுல் கண்ட்ரோல் பட்டியலில் அப்படியே கிடந்தது. ஒரு ராத்திரி அந்த டிசைனரின் கணக்கு திருடு போனது. திருடன் முதலில் தன் கணக்குகள் இரண்டை ஃபுல் கண்ட்ரோலோடு சேர்த்தான். அடுத்து உரிமையாளரை நீக்கினான். அப்புறம், சேமித்து வைத்திருந்த கார்டில் தன் விளம்பரங்களை ஓட விட்டான். காலையில் உரிமையாளர் பார்த்தபோது பேஜ் எல்லோருக்கும் தெரிவது போலவே அவருக்கும் தெரிந்தது. நிர்வகிக்கும் பட்டன் மட்டும் காணோம். அவருடைய பாஸ்வேர்டை யாரும் தொடக்கூட இல்லை.

டிசைனருக்கு ‘டாஸ்க் ஆக்ஸஸ்’ போதும். பதிவு போடுவது, மெசேஜுக்குப் பதில் சொல்வது, விளம்பரம் என்று வேலை வேலையாகத் தனித்தனியே கொடுக்கலாம். அப்படி வருபவர் ஃபேஸ்புக்கில் தன் கணக்கிலிருந்து பேஜுக்கு மாறி வேலை செய்ய முடியாது. பேஜ்களை நிர்வகிக்க ஃபேஸ்புக்கின் மெட்டா நிறுவனம் தரும் மெட்டா பிசினஸ் சூட் வழியாகத்தான் செய்ய வேண்டும். “எனக்கு பேஜே வரவில்லை” என்று அவர் சொல்வதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்காக அனுமதியைக் கூட்டிவிடாதீர்கள்.

ஃபுல் கண்ட்ரோல் நம்பிக்கையான இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரே என்றால், அவர் கணக்கு முடங்கும் நாளில் பேஜும் முடங்கும். விளம்பரக் கணக்கில் செலவு வரம்பும் வைத்துவிடுங்கள். பூட்டு உடைந்தாலும் பணப்பெட்டி அவ்வளவு சுலபமாகக் காலியாகாது.

பாஸ்வேர்டோடு குறியீடும் கேட்கும் டூ-ஸ்டெப் போட்டிருந்தேன், ஆனாலும் ஹேக் ஆனது. எப்படி?

‘காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்’ என்று ஏதாவது மெசேஜ் வந்ததா? அந்த லிங்கைத் தொட்டால் அசல் போலவே ஒரு லாகின் பக்கம் திறக்கும். நீங்கள் அதில் போடும் பாஸ்வேர்டை, அதே நொடி திருடன் அசல் தளத்தில் போடுகிறான். உங்கள் போனுக்கு நிஜமான ஓ.டி.பி. வருகிறது. அதையும் போலிப் பக்கத்திலேயே போடுகிறீர்கள். கதை முடிந்தது.

எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.க்கு இன்னொரு பலவீனமும் உண்டு: உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் குறியீடு அவருக்குப் போகும். போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதன் 6 இலக்கத்தையும் போலிப் பக்கத்தில் போட்டுத் தொலைக்கலாம். போன் பூட்டைத் திறப்பது போலவே கைரேகையாலோ முகத்தாலோ உள்ளே விடும் பாஸ்கீ, அல்லது கையில் வைத்துக்கொள்ளும் சின்னச் சாதனமான செக்யூரிட்டி கீ மட்டும் தள முகவரியோடு கட்டுண்டது, போலி முகவரியில் அது வேலையே செய்யாது. முடிந்தவர்கள் அதற்கு மாறுங்கள். மற்றவர்களுக்கு ஆப் போதும், லிங்கில் லாகின் செய்யாத பழக்கத்தோடு.

டூ-ஸ்டெப் போடும்போது கிடைக்கும் ரெக்கவரி கோடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போனுக்குள் ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்தால், போன் தொலையும்போது அவையும் சேர்ந்து தொலையும்.

மாதம் ஒரு முறை பாஸ்வேர்டு மாற்றுகிறேன். சரிதானே?

தேவையில்லை. அடிக்கடி மாற்றினால் கடைசி எண்ணை மட்டும் 1, 2, 3 என்று கூட்டத் தொடங்குவோம். நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக ஒன்று போதும். கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொண்டால் ஒரு உபரி லாபம்: முகவரி மாறியிருந்தால் அது தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது இன்று சும்மா இருந்தால், முகவரியைப் பாருங்கள்.

மெயிலுக்கும் இதே கவனம் வேண்டும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ லிங்க் அங்கேதான் வருகிறது.

இப்போதுதான் ஹேக் ஆகியிருக்கிறது. முதலில் என்ன செய்ய?

ஃபுல் கண்ட்ரோல் உள்ள இன்னொருவர் இன்னும் பட்டியலில் இருந்தால், அவரை உடனே உள்ளே போய்த் தெரியாத பெயர்களையும் திருடு போன கணக்கையும் நீக்கச் சொல்லுங்கள். அதே நேரம் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். கணக்கு திருடு போனவர் facebook.com/hacked பக்கத்துக்குப் போக வேண்டும், முடிந்தால் வழக்கமாக லாகின் செய்யும் அதே போனிலிருந்து. கணக்கு திரும்பக் கிடைத்ததும் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். அந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருடன் அவன் மெஷினில் லாகின் ஆனபடியே உட்கார்ந்திருப்பான்.